ஞாயிற்றுக்கிழமையைக் கடன் கேட்பவர்களுக்கு...

"ஞாயித்துக்கிழமை காலைல பத்து மணிக்கு எல்லாரும் ஆபீஸ் வந்துடுங்க. அவசர மீட்டிங். சிரமத்துக்கு வருந்துகிறோம்."

2022 ஜூலை 29, வெள்ளிக்கிழமை சாயங்காலம் வந்த செய்தி இது. அப்போது புதுக்கோட்டையில் ஒரு ஆடிட்டர் அலுவலகத்துக்குப் பயிற்சிக்குப் போய்க்கொண்டிருந்தேன். என்னையும் சேர்த்து எட்டுப் பேர். "முதலாளி கூப்பிட்டா போக வேண்டியதுதானே" என்கிறான் ஒரு நண்பன். "லீவு நாள்ல போகவே கூடாது" என்கிறான் இன்னொருவன். இரண்டு பேருமே தப்பு என்பது என் கட்சி.

முதலில் ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். அந்த அவசரம் பொய்யில்லை. வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்ய அப்போது கடைசி நாளாக இருந்தது ஜூலை 31. அந்த வருடம் அது ஞாயிற்றுக்கிழமையில் வந்தது. முந்தைய இரண்டு வருடமும் கொரோனாவால் தேதியைத் தள்ளிப் போட்டார்கள். இந்த முறையும் தள்ளுவார்கள் என்று பல அலுவலகங்கள் நம்பின. தள்ளவில்லை. அந்த ஒரே நாளில் 72 லட்சத்துக்கும் மேற்பட்ட கணக்குகள் தாக்கலாயின என்றால் நெரிசலைப் பார்த்துக்கொள்ளுங்கள். தேதி தப்பினால் 5,000 ரூபாய் வரை தாமதக் கட்டணம் உண்டு. அதைவிடப் பெரிய அடி, நட்டத்தில் ஓடிய கடைக்காரருக்கு. ஒரு நாள் பிந்தினாலும் அந்த வருட வியாபார நட்டத்தை அடுத்த வருட லாபத்தில் கழிக்கும் உரிமை போய்விடும். ஆகவே கூப்பிட்டது தப்பில்லை.

கூப்பிட்ட விதம்தான் தப்பு.

அது ஆடி ஞாயிறு. அறந்தாங்கியிலிருந்து வரும் அக்காவின் ஊரில் அன்றைக்குக் கூழ் ஊற்றுகிறார்கள். அதை விட்டுவிட்டு பஸ் பிடித்து வந்தார். பதினொன்றரைக்குத்தான் மேஜையில் இருந்த 43 கோப்புகளையும் பிரித்துப் பார்த்தோம். அதில் 12, தணிக்கை செய்ய வேண்டிய கணக்குகள். அவற்றுக்கு ஜூலை 31 கடைசி நாளே இல்லை, பின்னால்தான்! அந்தப் பன்னிரண்டைப் பார்ப்பவர்கள் இரண்டு பேர். அதில் ஒருவர் அந்த அக்கா. இந்தப் பிரிக்கிற வேலையை வெள்ளிக்கிழமையே செய்திருந்தால் அவர் ஊரில் கூழ் ஊற்றிக்கொண்டிருப்பார்.

"சிரமத்துக்கு வருந்துகிறோம்" என்பது ரோட்டைத் தோண்டிப் போட்டுவிட்டு வைக்கிற பலகை. யாருக்கு என்ன சிரமம் என்று தெரியாமல் வருந்துவது வருத்தமே இல்லை. அன்றைக்கு வந்திருக்க வேண்டிய செய்தி இது:

"ஞாயிறு கடைசி நாள். 31 கணக்குகள் பாக்கி. முன்பே பிரித்திருக்க வேண்டும், என் தவறு. தணிக்கைக் கணக்கு பார்ப்பவர்கள் வர வேண்டாம். மற்றவர்கள் 10 முதல் 2 வரை வாருங்கள். ஆடி ஞாயிறு என்று தெரியும். வர முடியாதவர்கள் தயங்காமல் சொல்லுங்கள். இதற்கு ஈடாக ஆகஸ்ட் 3, ஆடிப்பெருக்கு அன்று லீவு. அந்த நாள் ஒத்துவராதவர்கள் வேறு நாள் கேளுங்கள்."

ஆகஸ்ட் 3 என்று நான் சும்மா சொல்லவில்லை. 1948ஆம் வருடத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 52ஆம் பிரிவு என்ன சொன்னது தெரியுமா? ஞாயிற்றுக்கிழமை வேலை வாங்கினால் அதற்கு முந்தைய மூன்று நாளிலோ பிந்தைய மூன்று நாளிலோ ஒரு முழு விடுமுறை தர வேண்டும். அறிவிப்பையும் முன்கூட்டியே ஒட்ட வேண்டும். 53ஆம் பிரிவு, விட்டுப்போன வார விடுமுறைகளை அந்த மாதத்துக்குள்ளோ அடுத்த இரண்டு மாதத்துக்குள்ளோ கொடுத்துவிடச் சொன்னது. 2025 நவம்பரில் அந்தச் சட்டத்தின் இடத்துக்குப் புதிய தொகுப்புச் சட்டம் வந்துவிட்டது. அதிலும் இந்த இரண்டு மாதக் கணக்கு இருக்கிறது.

"ஆடிட்டர் ஆபீஸ் என்ன தொழிற்சாலையா?" என்று கேட்பீர்கள். இல்லைதான். ஆனால் சட்டம் எழுதியவர்களுக்குத் தெரிந்த ஒரு விஷயம் எங்கள் முதலாளிக்குத் தெரியவில்லை. தேதி போடாத லீவு, லீவே அல்ல. நாங்கள் கேட்டபோது "அப்புறம் பார்த்துக்கலாம்" என்றார். ஆகஸ்ட் முதல் வாரம் அலுவலகம் காற்று வாங்கியது, அப்போது தரவில்லை. செப்டம்பரில் தணிக்கை வேலை குவிந்தது, அப்போது கேட்கவே முடியவில்லை. அந்த அக்காவின் ஞாயிறு இன்னமும் பாக்கி.

இன்னொன்று. ஒரு ஞாயிறு கூப்பிட்டால் அவசரம். வருடா வருடம் அதே ஜூலைக் கடைசியில் கூப்பிட்டால் அது ஆள் பற்றாக்குறை. அதற்கு மருந்து மீட்டிங் இல்லை, ஜூன் மாதத்திலேயே இன்னொரு ஆளைச் சேர்ப்பது.

கடன் கேட்பதில் தப்பில்லை மக்களே. நம்மூரில் கைமாத்து கேட்பவன்கூட "பத்தாம் தேதி குடுத்துடுறேன்" என்று சொல்லித்தான் கேட்கிறான். ஞாயிற்றுக்கிழமையைக் கேட்பவரும் தேதி சொல்லிக் கேட்கட்டும்.