நாற்பது சதத்துக்காக ஒரு மனுசனைக் கள்ளனாக்க வேண்டாம்

மூன்று நாளாக ஊர் வட்ஸ்அப் குழுக்களில் ஓடும் கதைக்குத்தான் இந்தப் பதிவு. பிள்ளைகளுக்குக் கொப்பி, பென்சில் வாங்க வெளிநாட்டிலுள்ள சகோதரர்கள் இணையக் கடையொன்றில் அட்டையால் பணம் கட்டினார்கள். கடையின் இன்வொய்ஸில் 80.40 டொலர். பேமென்ட் கேட்வே அனுப்பிய ரசீதில் 80.00 டொலர். பொருளாளர் இன்வொய்ஸைப் பார்த்துக் கணக்கு எழுதிவிட்டார். உடனே "அந்த 40 சதம் எங்கே?" என்று அவருடைய அமானிதத்தில் கை வைத்துவிட்டார்கள்.

கடைக்காரர் சொன்ன பதில் இன்னும் மோசம்: "அது பேங்க் சார்ஜ்." பேங்க் சார்ஜ் வந்தால் கழிந்த காசு கூடுமே தவிர, எப்படிக் குறையும்? இரண்டு தொகையும் அவருடைய தளத்திலிருந்தே வந்தவை.

கல்குலேட்டரை எடுங்கள். கடையின் விலைகள் ரூபாயில். அன்று தளம் போட்ட மாற்று வீதம் டொலருக்கு 300 ரூபா. கொப்பி 130, பென்சில் 50, அழிறப்பர் 20 ரூபா. ஒவ்வொன்றிலும் 120. மொத்தம் 24,000 ரூபா. 300ஆல் வகுத்தால் சரியாக 80.00. கேட்வேக்குப் போனது இந்தத் தொகை.

இன்வொய்ஸ் வேறு வழியில் போனது. அது முதலில் ஒரு கொப்பியின் விலையை டொலராக்கியது: 0.4333. சதத்துக்கு மட்டம் தட்டி 0.43. பிறகு 120ஆல் பெருக்கியது: 51.60. உண்மையில் 52.00 வர வேண்டும். பென்சில் 0.1667, அது 0.17 ஆகி 20.40. அழிறப்பர் 0.0667, அது 0.07 ஆகி 8.40. கூட்டிப் பாருங்கள், 80.40. கொப்பியில் 40 சதம் குறைந்து, மற்ற இரண்டிலும் 40 சதம் வீதம் கூடியிருக்கிறது. ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கே நாங்கள் சொல்லிக் கொடுப்பது: மட்டம் தட்டுவதைக் கடைசியில் செய்.

வரிக்கு வரி மொத்தத்தை மாற்றியிருந்தால், ஒரு வரியில் அதிகபட்சம் அரைச் சதம்தான் பிழைக்கும். மூன்று வரிக்கு ஒன்றரைச் சதம். 40 சதம் வந்திருப்பதே, ஒற்றை விலையை மட்டம் தட்டிவிட்டுப் பெருக்கியதற்கு அடையாளம். சந்தேகமென்றால் 300 ரூபாப் பொருள் ஒன்றை, அதே வீதத்தில், எத்தனை வேண்டுமானாலும் கூடையில் போட்டுப் பாருங்கள். வித்தியாசமே வராது. சதவீதக் கட்டணமாக இருந்தால் அதிலும் வந்திருக்கும்.

"சின்னக் காசுதானே" என்பவர்களுக்கு ஒன்று. நாளை அந்த அழிறப்பர்களைத் திருப்பிக் கொடுத்தால் கடை எதைத் தரும்? இன்வொய்ஸ்படி 8.40. வாங்கியதோ 8.00. அப்போது கடைக்காரரே கத்துவார்.

கடை செய்ய வேண்டியது லேசு. ரூபாயிலேயே கூட்டி, ஒரே தடவை மாற்றி, அந்த ஒரே தொகையை இன்வொய்ஸிலும் கேட்வேயிலும் போடட்டும். பொருளுக்குப் பொருள் டொலர் விலை காட்டியே ஆக வேண்டுமென்றால், மிஞ்சும் சதத்தை "மட்டம் தட்டிய வித்தியாசம்" என்று தனி வரியாக எழுதட்டும்.

பொருளாளர் கணக்கில் 80.00 என்று திருத்தி, கேட்வே ரசீதை இன்வொய்ஸோடு சேர்த்துக் குத்தினால் போதும். குழுவில் கண்டபடி எழுதியவர்கள், எழுதிய அதே குழுவிலேயே அதைத் திருத்தி எழுதுங்கள்.