எவ்வளவு பங்கு கொடுக்கலாம்?

தொழில் தொடங்கும் இளையர், முதலீட்டாளரைச் சந்திக்கும் முன்பே எவ்வளவு பங்கைக் கொடுப்பது என்று முடிவு செய்ய வேண்டும். 100,000 வெள்ளிக்கு 20 விழுக்காட்டுப் பங்கைக் கொடுத்தால், அம்முதலீட்டையும் சேர்த்து நிறுவனத்தின் மதிப்பு 500,000 வெள்ளி என்று பொருள். அம்மதிப்பை விற்பனைக் கணக்கைக் காட்டி விளக்க வேண்டும்.

40 விழுக்காட்டைக் கொடுத்தாலும் 60 விழுக்காடு மிஞ்சுமே எனச் சிலர் எண்ணலாம். ஆனால், பின்னர் புதிய பங்குகளை வெளியிட்டு இன்னொருவருக்கு 25 விழுக்காடு கொடுக்க நேர்ந்தால், நிறுவனரின் பங்கு 45 விழுக்காடாகக் குறையும்; பெரும்பான்மை கைநழுவிப் போகும். முதலில் 20 விழுக்காடு மட்டும் கொடுத்திருந்தால், அப்போதும் 60 விழுக்காடு அவரிடமே இருக்கும்.

ஆகவே, அடுத்த ஒன்றரை ஆண்டுச் செலவைக் கணக்கிட்டு, அதற்குரிய தொகையை மட்டும் கேட்பதே சிறந்தது. கொடுத்த பங்கைத் திரும்பப் பெறுவது எளிதன்று.