'நெருங்கிய தோழி' என்ற சொல்லை எப்படி வாசிப்பது?

2025 மே மாதம் சென்னை உயர்நீதிமன்றத்தில் ஓர் ஆட்கொணர்வு மனு விசாரணைக்கு வந்தது. 25 வயதுப் பெண் ஒருவரை அவருடைய பெற்றோர் அவர் விருப்பத்துக்கு மாறாகப் பிடித்து வைத்திருக்கிறார்கள், அவரை மீட்டுத் தர வேண்டும் என்பது கோரிக்கை. மனு போட்டவரும் ஒரு பெண்தான். காவல்துறைக்குக் கொடுத்த புகாரிலும் நீதிமன்றத்துக்குக் கொடுத்த பிரமாணப் பத்திரத்திலும் தன்னை அவர் 'நெருங்கிய தோழி' என்று மட்டுமே எழுதியிருந்தார்.

நீதிபதிகள் ஜி.ஆர். சுவாமிநாதன், வி. லட்சுமிநாராயணன் ஆகியோர் அடைத்து வைக்கப்பட்டிருந்த பெண்ணிடம் நேரில் பேசினார்கள். தான் தன்பாலீர்ப்புள்ளவர் என்றும், மனுதாரரோடு உறவில் இருப்பதாகவும் அவர் தெளிவாகச் சொன்னார். வீட்டில் தன்னை அடித்ததையும், 'சரியாக்குவதற்காக' சடங்குகளுக்கு உட்படுத்தியதையும் சொன்னார். மனுதாரர் போதைப் பழக்கம் உள்ளவர், என் மகளைக் கெடுத்துவிட்டார் என்பது தாயின் வாதம். நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. மே 22 அன்று வந்த தீர்ப்பு அந்தப் பெண்ணை அவர் விருப்பப்படி போக விட்டது. பிறந்த வீட்டார் அவர் வாழ்வில் குறுக்கிடத் தடை விதித்தது. காவல்துறை பாதுகாப்புக் கொடுக்க வேண்டும் என்றது. திருமணம் மட்டுமே குடும்பத்தை உருவாக்கும் வழியல்ல, தாமே தேர்ந்துகொண்ட குடும்பம் என்ற ஒன்றும் உண்டு என்றது. இந்த நீதிபதிகளின் வேறு தீர்ப்புகளோடு நமக்கு முரண்பாடு இருக்கலாம். இந்தத் தீர்ப்பு படிக்கப்பட வேண்டியது.

செய்திகளில் அதிகம் பேசப்படாத ஓரிடம் அந்தத் தீர்ப்பில் உண்டு. மனுதாரர் தன் உறவை உள்ளபடி எழுதாததை நீதிபதிகள் கவனித்திருக்கிறார்கள். அவருடைய தயக்கம் தங்களுக்குப் புரிகிறது என்றும் பதிவு செய்திருக்கிறார்கள். உண்மையை மறைத்தார் என்று குற்றம் சாட்டவில்லை. 'வெறும் தோழிக்கு என்ன உரிமை' என்றும் கேட்கவில்லை. ஆனால் அதே சொல் அதற்கு முன்பு காவல் நிலையங்களுக்கும் போயிருந்தது. அங்கே அது வேலை செய்யவில்லை. அந்தப் பெண்ணைப் பெற்றோருடன் போகும்படி காவல்துறை கட்டாயப்படுத்தியதையும், அதன் செயலற்ற தன்மையையும் உயர்நீதிமன்றம் கண்டித்தது. எழுதியது ஒரே சொல்தான். வாசித்தவர்கள்தான் வேறு. அந்த வேறுபாடு ஒரு பெண்ணின் உடலில் அடியாக விழுந்தது.

நான் உச்சிப்புளிக்காரி. இராமநாதபுரத்துக்கும் மண்டபத்துக்கும் இடையில் உள்ள எங்கள் ஊரில், காலையில் கல்லூரிக்குப் போகும் பேருந்தில் இரண்டு பெண்கள் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து தூங்கிக்கொண்டு போகலாம். இரண்டு பையன்கள் விரலைக் கோத்துக்கொண்டு ரயில் நிலையம் வரை நடக்கலாம். ஒரே தட்டில் சாப்பிடுவதும், பரீட்சைக்குப் படிக்கிறோம் என்று ஒருத்தி வீட்டில் இன்னொருத்தி தங்குவதும், தோழி கல்யாணமாகிப் போகும்போது தேம்பி அழுவதும் இங்கே சாதாரணம். யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஒரு பெண்ணும் பையனும் நிறுத்தத்தில் ஐந்து நிமிடம் பேசட்டும். பேருந்து வருவதற்குள் செய்தி வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிடும்.

இந்த இரண்டையும் தனித்தனியாகப் பார்க்கக் கூடாது. சாதியின் உயிர்நாடி அகமணமுறை என்று 1916 மே மாதம் கொலம்பியா பல்கலைக்கழகக் கருத்தரங்கில் அம்பேத்கர் வாசித்த கட்டுரை சொல்கிறது. சொந்தச் சாதிக்குள் மணமுடிக்கும் ஆண், பெண் எண்ணிக்கை சமநிலையில் இருந்தால்தான் சாதியின் வேலி நிற்கும். துணையில்லாமல் எஞ்சி நிற்பவர் வேலிக்கு ஆபத்து. உடன்கட்டை, கட்டாய விதவைநிலை, குழந்தை மணம் எல்லாம் அந்த உபரியைச் சமாளிக்கக் கண்டுபிடித்த வழிகள் என்று அவர் விளக்கினார். அதனால்தான் சாதியச் சமூகத்தின் கண் ஆணும் பெண்ணும் நெருங்கும் இடத்தில் இமைக்காமல் விழித்திருக்கிறது. 2015 ஜூன் 23 அன்று திருச்செங்கோடு அர்த்தநாரீசுவரர் கோயிலில் தன்னோடு படித்த பெண்ணிடம் பேசிக்கொண்டிருந்த தலித் இளைஞர் கோகுல்ராஜ் கடத்தப்பட்டார். அவருடைய உடல் ரயில் தண்டவாளத்தில் கிடந்தது. பேசியதை ஒரு கூட்டம் தன் கண்ணால் 'வாசித்தது', தீர்ப்பும் அதுவே எழுதியது. யுவராஜும் கூட்டாளிகளும் 2022 மார்ச்சில் மதுரை நீதிமன்றத்தில் ஆயுள் தண்டனை பெற்றார்கள்.

இரண்டு பெண்களின் நெருக்கத்தில் அந்தக் கண் எதையும் பார்ப்பதில்லை. அங்கே கரு உண்டாகாது, இரத்தம் கலக்காது, வேலிக்குச் சேதமில்லை என்ற கணக்கு அது. இதைத் தமிழ்ச் சமூகத்தின் சகிப்புத்தன்மை என்று சிலர் பெருமையாகப் பேசுவதுண்டு. அந்தச் சகிப்புக்குக் கெடு தேதி உண்டு. பெண் பார்க்க ஆள் வரும் நாள்தான் அது. 'எனக்குக் கல்யாணம் வேண்டாம்' என்று அவர்களில் ஒருத்தி சொன்ன நிமிடத்தில் அவள் அம்பேத்கர் சொன்ன உபரியாகிவிடுகிறாள். அதுவரை யார் கண்ணுக்கும் படாத பத்து வருட நட்பை அன்றைக்கு வீடு பின்னாலிருந்து வாசிக்கத் தொடங்குகிறது. ஒன்றாகத் தங்கிய இரவுகள், பரிமாறிக்கொண்ட துணி, செல்பேசிச் செய்திகள் எல்லாம் சாட்சியமாகின்றன. தோழி வேறு சாதியென்றால் 'அவள்தான் கெடுத்தாள்' என்று சொல்வது இன்னும் எளிது. தலித் பெண்ணாக இருந்துவிட்டால் பழி அவளோடு நிற்காது, அவள் தெருவுக்கே வரும். ஓடிப்போக அவளுக்குச் சென்னையில் தெரிந்தவர்களும் இருக்க மாட்டார்கள், கையில் இரண்டு மாத வாடகையும் இருக்காது.

ஆகவே ஒரு தோழி தன்னை 'நெருங்கிய தோழி' என்று எழுதும்போது அதைப் பொய் என்றோ கோழைத்தனம் என்றோ வாசிப்பதற்கு நமக்கு உரிமையில்லை. ஊரில் பாதுகாப்பாக நிற்கக் கிடைத்த ஒரே திண்ணை அந்தச் சொல். நம் முற்போக்கு வட்டங்களில் இரண்டு விதமான தவறு நடக்கிறது. 'ரெண்டு பேரும் அப்படியா?' என்று சிரித்துக்கொண்டு கேட்பது ஒன்று. 'மறைக்காதீங்க தோழர், வெளிப்படையா இருங்க' என்று வீரம் ஊட்டுவது இன்னொன்று. வெளிப்படையாக இருப்பதன் விலையை இருவருமே தரப்போவதில்லை. அந்தப் பெண்கள் உண்மையிலேயே தோழிகள் மட்டும்தான் என்றால், அவர்களுக்கும் இந்தக் கேள்வி அதே ஆபத்தைக் கொண்டுவரும். கைகோப்பதிலிருந்தும் தோளில் சாய்வதிலிருந்தும் எதையும் கண்டுபிடிக்க முடியாது. காதலிலும் நட்பிலும் அவை ஒன்றுபோலவே இருக்கும்.

சட்டமும் இப்போது இந்த இடத்துக்கு வந்திருக்கிறது. கேரளத்திலிருந்து போன தேவு ஜி. நாயர் வழக்கில் 2024 மார்ச் 11 அன்று உச்சநீதிமன்றம் வகுத்த நெறிமுறைகள் இவை: ஆட்கொணர்வு மனுவைத் துணையோ நண்பரோ போட்டால், அவர்களுக்குள் என்ன உறவு என்று துருவிக்கொண்டிருக்கக் கூடாது. அடைத்து வைக்கப்பட்டவரிடம் நீதிபதி தனியாகப் பேச வேண்டும், வீட்டார் உடன் இருக்கக் கூடாது. ஆலோசனை என்ற பேரில் அவருடைய அடையாளத்தையோ ஈர்ப்பையோ மாற்ற முயலக் கூடாது. அதாவது 'நெருங்கிய தோழி' என்பது நீதிமன்றக் கதவைத் தட்டப் போதுமான தகுதி. ஏனென்றால் அங்கே கேள்வி தோழி யார் என்பது இல்லை. 18 வயது தாண்டிய ஒருவர் தன் விருப்பப்படி இருக்கிறாரா என்பதுதான்.

தமிழ்நாட்டில் இதற்கு முன்பே ஒரு வழி போடப்பட்டது. மதுரையிலிருந்து சென்னைக்கு வந்த இரண்டு இளம்பெண்களின் வழக்கில் 2021 ஜூன் 7 அன்று நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் உத்தரவிட்டார். அவர்களுடைய பெற்றோர் 'காணவில்லை' என்று புகார் கொடுத்திருந்தார்கள். சம்மதத்தோடு சேர்ந்து வாழும் வயது வந்தவர்கள் என்று தெரிந்தால், வாக்குமூலம் வாங்கிக்கொண்டு புகாரை முடித்துவைக்க வேண்டும், துன்புறுத்தக் கூடாது என்றார். மாற்று சிகிச்சை என்று சொல்லி ஈர்ப்பை 'குணப்படுத்த' முயல்வதற்கும் தடை விதித்தார். அடுத்த ஆண்டு தமிழக அரசு காவலர் நடத்தை விதிகளில் 24-சி என்ற விதியைச் சேர்த்தது. பால்புதுமையினரையும் அவர்களுக்கு உதவுபவர்களையும் காவலர்கள் துன்புறுத்தக் கூடாது என்பது அதன் சாரம். ஆனால் இந்த விதிக்குப் பிறகு மூன்று ஆண்டு கழித்தும் ஒரு பெண் காவல் நிலையத்திலிருந்து பெற்றோருடன் கட்டாயமாக அனுப்பப்பட்டிருக்கிறார். விதி புத்தகத்தில் இருக்கிறது. நிலைய எழுத்தரின் மேசைக்கு அது போய்ச் சேரவில்லை.

அப்படியானால் தோழர்களும் பக்கத்து வீட்டாரும் ஆசிரியர்களும் எதைத்தான் வாசிப்பது? அன்பை விட்டுவிடுங்கள். கட்டாயத்தை வாசியுங்கள். அதற்கு அடையாளங்கள் உண்டு. தினமும் வந்த பெண் திடீரென்று கல்லூரிக்கு வராமல் போவாள். செல்பேசியை வேறு யாராவது எடுப்பார்கள், அல்லது பக்கத்தில் ஆள் இருப்பது போல ஒற்றைச் சொல்லில் பதில் வரும். சான்றிதழ்களும் ஆதாரும் வீட்டார் கையில் போயிருக்கும். சாமியாடியிடமோ மனநல மருத்துவரிடமோ 'கூட்டிட்டுப் போயிருக்கோம்' என்பார்கள். அவசரமாக ஒரு வரன் வந்திருக்கும். இவற்றில் இரண்டு மூன்று சேர்ந்து தெரிந்தால், அவள் யாரைக் காதலிக்கிறாள் என்று தெரிந்துகொள்ள வேண்டிய அவசியம் நமக்கு இல்லை. ஒரு வயது வந்த பெண் அடைபட்டிருக்கிறாள் என்பதே போதும்.

அந்த நிலைமை வரும் முன்பே கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: 'வீட்டுல உனக்குப் பாதுகாப்பா இருக்கா?' அதைத் தனியாக, நேரில் கேட்க வேண்டும். பதில் சொன்னால் அதற்கு மேல் பெயர் கேட்கக் கூடாது. தன் விருப்பத்தில்தான் வெளியே வந்தேன் என்று அவள் கைப்பட, தேதியிட்டு எழுதிய கடிதமும் சான்றிதழ்களின் நகலும் வீட்டுக்கு வெளியே நம்பிக்கையான ஒருவரிடம் இருந்தால், பின்னால் 'கடத்திட்டாங்க' என்ற புகார் வரும்போது அவை பேசும். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக வழக்கறிஞரை ஏற்பாடு செய்யும் என்பதை அவளுக்குச் சொல்லலாம். எங்கள் பகுதிக்கு அது இராமநாதபுரத்தில், நீதிமன்ற வளாகத்தில் இருக்கிறது. ஆட்கொணர்வு மனு மதுரைக் கிளைக்குப் போக வேண்டும். அதை அவளுடைய தோழி போடலாம்.

ஆய்வு செய்கிறவர்களுக்கும் இது பொருந்தும். என் துறையில் களப்பணிக் குறிப்பேடு என்பது பிறருடைய வாழ்க்கையைப் பெயர்த்துக்கொண்டு வரும் ஒரு பெட்டி. புதுமடத்திலோ பிரப்பன்வலசையிலோ கடல்பாசி எடுக்கச் சேர்ந்தே போய்வரும் இரண்டு பெண்கள் ஒருவரை ஒருவர் 'கூட்டாளி' என்று சொன்னால், என் குறிப்பில் கூட்டாளி என்றுதான் இருக்க வேண்டும். அதற்கு மேல் எனக்குத் தெரிந்த கலைச்சொல் எதையும் அவர்கள் தலையில் வைக்க எனக்கு அதிகாரமில்லை. வைத்தால் என் கட்டுரைக்கு மதிப்பெண் வரும், அந்த ஊரில் இருந்து வாழப்போகிறவர்கள் அவர்கள். யாரோடு யார் சேரலாம் என்று ஊர் கண்காணிப்பதை எதிர்த்து வளர்ந்த இயக்கம் நம்முடையது. அந்தக் கண்காணிப்பையே அக்கறை என்ற பெயரில் நாமும் செய்தால், வேலியின் இந்தப் பக்கம் நின்றுகொண்டு அதற்கு முட்டுக்கொடுக்கிறோம் என்றுதான் அர்த்தம்.