முதலில் கல்லீரலைத் தேடுங்கள்

“சித்தப்பா, ரிப்போர்ட்டில் தப்பு இருக்கு. அப்பாவுக்கு இடது சிறுநீரகத்தில் கல் என்று எழுதியிருக்காங்க. படத்தில் பார்த்தால் வலது பக்கம் இருக்கு.”

சாங்கி வில்லேஜ் உணவங்காடி நிலையத்தில், நாசி லெமாக் தட்டை ஓரமாகத் தள்ளிவிட்டு மடிக்கணினியை என் பக்கம் திருப்பினாள் அண்ணன் மகள். இடுப்பு வலிக்காக அண்ணனுக்கு சிடி ஸ்கேன் எடுத்திருந்தார்கள். படங்கள் அடங்கிய குறுந்தட்டையும் கேட்டு வாங்கியிருக்கிறாள். அடுத்த வாரம் கல்லை எடுப்பது பற்றி மருத்துவரிடம் பேசப் போகிறார்கள். நல்ல சிறுநீரகத்தில் கைவைத்துவிடுவார்களோ என்பதுதான் அவள் பயம். நான் ஸ்கேன் அறையில் வேலை பார்த்தவன் என்பதால் என்னைத் தேடி வந்திருந்தாள்.

“கல்லை விடும்மா. முதலில் கல்லீரல் எங்கே இருக்கு, காட்டு” என்றேன்.

விமான நிலையத்தில் பெட்டியை எக்ஸ்ரே கருவிக்குள் அனுப்பும்போது, உள்ளே இருப்பதெல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாகத் திரையில் தெரியும். சாதாரண எக்ஸ்ரே படமும் அப்படித்தான். சிடி ஸ்கேன் வேறு. வாழைத்தண்டை வட்ட வட்டமாக அரிந்து, ஒவ்வொரு வில்லையையும் தனியாகப் பார்ப்பது போன்றது. லண்டனில் 1971ல் முதல் நோயாளியைப் படமெடுத்த கருவியை உருவாக்கியவர் பொறியாளர் காட்ஃபிரே ஹவுன்ஸ்ஃபீல்டு. இதற்காக 1979ல் ஆலன் கார்மக்குடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

வில்லையை எந்தப் பக்கமிருந்து பார்க்கிறோம் என்பதில்தான் குழப்பம் தொடங்குகிறது. நோயாளி மல்லாந்து படுத்திருக்கிறார். நாம் அவர் காலடியில் நின்று தலைப் பக்கமாகப் பார்க்கிறோம். வயிறு படத்தின் மேலே, முதுகு கீழே. எதிரில் நிற்பவருக்குக் கைகொடுக்கும்போது அவர் வலக்கை நமக்கு இடப்பக்கம் இருப்பதுபோல, நோயாளியின் வலப்பக்கம் படத்தின் இடப்பக்கத்தில் வரும். உலகெங்கும் சிடி படங்களை வழக்கமாக இப்படித்தான் பார்க்கிறார்கள். திரையின் ஓரத்தில் R அல்லது L என்று ஓர் எழுத்தும் இருக்கும். அவள் அதைக் கவனிக்கவில்லை.

எழுத்தைக் கவனிக்கத் தவறினாலும் கல்லீரல் காட்டிக்கொடுத்துவிடும். மேல்வயிற்றில் மிகப் பெரிய உறுப்பு அதுதான். படத்தின் இடப்பக்கத்தை ஏறக்குறைய முழுவதுமாக அடைத்துக்கொண்டு, ஒரே சீரான சாம்பல் நிறத்தில் தெரியும். அதற்கு எதிர்ப்பக்கம், முதுகை ஒட்டி, பிறை வடிவில் சிறியதாக இருப்பது மண்ணீரல். மண்ணீரலுக்கு முன்னால் இரைப்பை. மல்லாந்து படுத்தால் காற்று மேலே ஏறுமல்லவா? அதனால் இரைப்பைக்குள் மேல்பகுதியில் கறுப்பாக ஒரு காற்றுப் பை தெரியும்.

அண்ணனின் படத்தில் கல்லீரல் இடப்பக்கம் இருந்தது. அப்படியானால் அது அவருடைய வலப்பக்கம். வெள்ளைப் புள்ளியாகத் தெரிந்த கல்லோ மண்ணீரல் இருக்கும் பக்கத்தில் இருந்தது. அதாவது இடது சிறுநீரகம். ரிப்போர்ட்டில் தப்பு இல்லை.

“உறுப்புகள் இடம் மாறிப் பிறந்தவர்களும் இருப்பார்களே?” என்று கேட்டாள். நல்ல கேள்விதான். உள்ளுறுப்புகள் கண்ணாடியில் பார்ப்பதுபோல முழுவதும் இடம் மாறியிருப்பது ஏறக்குறைய 10,000 பேரில் ஒருவருக்கு உண்டு. அதனால்தான் கல்லீரலையும் பார்க்க வேண்டும், திரையில் உள்ள எழுத்தையும் பார்க்க வேண்டும். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் ரிப்போர்ட் எழுதுபவர் நின்று விசாரிப்பார்.

அடுத்து இரத்தக் குழாய்கள். படத்தின் கீழே நடுவில் பளிச்சென்று வெள்ளையாக இருப்பது முதுகெலும்பு. அதற்கு முன்னால் இரண்டு வட்டங்கள். மண்ணீரல் பக்கம் சற்று ஒதுங்கியிருப்பது பெருந்தமனி. கல்லீரல் பக்கம் இருப்பது கீழ்ப் பெருஞ்சிரை. தமனியில் அழுத்தம் அதிகம், சுவரும் தடிமன். அதனால் உருண்டையாகவே இருக்கும். சிரையின் சுவர் மெல்லியது. உடம்பில் நீர் குறைந்தால் தட்டையாகிவிடும். வயதானவர்களின் தமனிச் சுவரில் சுண்ணாம்பு படிந்து வெள்ளைக் கீற்றுகள் தெரிவதும் உண்டு. இந்தப் பகுதியில் பெருந்தமனி பொதுவாக 2 சென்டிமீட்டர் அளவில் இருக்கும். பக்கத்தில் உள்ள முதுகெலும்பின் அகலத்தில் ஏறக்குறைய பாதி. 3 சென்டிமீட்டரை எட்டினால் வீக்கம் என்று எழுதுவார்கள். அண்ணனுக்கு அந்தக் கவலை இல்லை.

அவள் ஒரு வில்லையில் நிறுத்தினாள். “இங்கே ஒரு சிறுநீரகம்தானே இருக்கு?”

முதுகெலும்பின் இரு பக்கமும் கறுப்பான கொழுப்பு சூழ அவரை விதைபோல் இருப்பவை சிறுநீரகங்கள். கல்லீரல் மேலே இடத்தை அடைத்துக்கொள்வதால் வலது சிறுநீரகம் பெரும்பாலும் சற்றுக் கீழே இருக்கும். அதனால் மேலேயுள்ள சில வில்லைகளில் இடது மட்டும் தெரியும். சுட்டியை உருட்டிச் சில வில்லைகள் கீழே போனதும் வலதும் வந்தது. கைப்பேசியில் ஒரே ஒரு படத்தைப் பிடித்துக் குடும்பக் குழுவில் போட்டு “ஒன்று காணோமே” என்று பதறுவது இதனால்தான். ஒற்றை வில்லை எதையும் முடிவாகச் சொல்லாது.

கல் விவகாரம் தீர்ந்தது. ஆனால் அவள் கவனிக்காத ஒன்று அதே படத்தில் இருந்தது. கல்லீரல் மண்ணீரலைவிடக் கறுத்திருந்தது.

சிடி படத்தின் ஒவ்வொரு புள்ளிக்கும் ஓர் எண் உண்டு. ஹவுன்ஸ்ஃபீல்டின் பெயராலேயே அந்த அலகு வழங்குகிறது. தண்ணீர் 0, காற்று -1000, கொழுப்பு -100 அளவில். சாய மருந்து செலுத்தாமல் எடுத்த படத்தில், நல்ல கல்லீரல் 55 முதல் 65 வரை இருக்கும். மண்ணீரலைவிடச் சற்று வெளுத்துத் தெரியும். கல்லீரலில் கொழுப்பு சேரச் சேர எண் இறங்கும், படம் கறுக்கும். இரத்தக் குழாய்களைத் தவிர்த்து, கல்லீரலில் மூன்று இடங்களில் வட்டமிட்டு அளந்தோம். சராசரி 36. மண்ணீரல் 49. கல்லீரல் 40க்குக் கீழே போனாலோ, மண்ணீரலைவிட 10 குறைந்தாலோ, கொழுப்பு கணிசமாகச் சேர்ந்திருக்கிறது என்று பொருள்.

ரிப்போர்ட்டைத் திரும்ப எடுத்துப் பார்த்தோம். கடைசி வரிக்கு முந்தைய வரியில் அதுவும் எழுதப்பட்டிருந்தது. கல்லைப் பற்றிய பதற்றத்தில் வீட்டில் யாரும் அதைப் படிக்கவில்லை.

இந்த ஒப்பீட்டுக்கு எல்லையும் உண்டு. சிறுநீரகக் கல்லுக்கான ஸ்கேனில் பொதுவாகச் சாயம் செலுத்துவதில்லை, அதனால் இது சரிவந்தது. சாயம் போட்ட படத்தில் மண்ணீரல் முந்திக்கொண்டு வெளுக்கும். அங்கே கல்லீரல் கறுப்பாகத் தெரிவதை வைத்து முடிவு கட்ட முடியாது. லேசான கொழுப்பு சிடியில் தெரியாமலும் போகலாம். கல்லீரலில் வீக்கமோ தழும்போ இருக்கிறதா என்பதையும் இந்த எண் சொல்லாது. அதற்கு இரத்தப் பரிசோதனையும் தேவைப்பட்டால் வேறு சோதனைகளும் வேண்டும்.

மருத்துவரிடம் கேட்க வைத்திருந்த “எந்தப் பக்கம்?” என்ற கேள்வியை அவள் அடித்துவிட்டு, “கல்லீரல் கொழுப்புக்கு என்ன செய்வது? சர்க்கரையும் கொலஸ்ட்ராலும் பார்க்க வேண்டுமா?” என்று எழுதிக்கொண்டாள்.

இதுவரை வாய் திறக்காமல் இருந்த அண்ணன், தட்டில் மிச்சமிருந்த பொரித்த கோழியை ஒருமுறை பார்த்தார். பிறகு மெதுவாக என் பக்கம் நகர்த்தினார்.