ஒரே ஒரு எழுத்தில் சிக்கும் டுபாக்கூர் மெமரி கார்டு! ஆன்லைனில் வாங்குவோர் உஷார்

செல்போனுக்கு மெமரி கார்டு வேண்டுமென்றால் முன்பு கடைக்குப் போய் நாலு கார்டை கையில் எடுத்துப் பார்த்து வாங்குவார்கள். இப்போது எல்லாம் ஆன்லைன்தான். சில நூறு ரூபாய்க்கு 512 ஜி.பி., ஒரு டி.பி. என்று கூவிக் கூவி விற்கிறார்கள். அதில் புகுந்து விளையாடுகிறது போலி கும்பல். ஆனால் பல கில்லாடிகள், கார்டில் அச்சடிக்கும் லோகோவில் ஏதாவது ஓர் எழுத்தில் கோட்டை விட்டு விடுகிறார்கள்.

முதலில் ஒரு விஷயம். லோகோ மாறியிருப்பதில் இரண்டு ரகம் உண்டு. ஒன்று, வேண்டுமென்றே மாற்றுவது. பிரபல கம்பெனியின் பெயரில் ஓர் எழுத்தை இடம் மாற்றியோ, ஒன்றைக் கூட்டியோ போடுவார்கள். பெரிய பிராண்டு பெயரைப் போட்டால் விற்பனை தளத்தின் கம்ப்யூட்டர் சல்லடையில் மாட்டிக்கொள்ளலாம். எழுத்தை மாற்றி விட்டால் அது வேறு பெயர் ஆகிவிடும். வாங்குபவர் கண்ணுக்கு மட்டும் பழைய பெயராகவே தெரியும். "நாங்க அந்த கம்பெனி பேரே போடலியே" என்று தப்பிக்கவும் வழி.

ஆனால் கோர்ட்டில் அந்த பாச்சா பலிக்காது. பார்லே பிஸ்கட் உறையைப் போலவே மைசூர் கம்பெனி ஒன்று உறை போட்ட வழக்கில் 1972-ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பு சொன்னது. இரண்டு உறையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வித்தியாசம் தேடத் தேவையில்லை, மொத்தத் தோற்றம் வாங்குபவரை ஏமாற்றுமா என்பதுதான் கேள்வி என்று கூறி, பார்லே பக்கம் தீர்ப்பானது. கடையில் நிற்கும் சாதாரண ஆள் எப்படிப் பார்ப்பாரோ, அப்படித்தான் கோர்ட்டும் பார்க்கிறது.

இரண்டாவது ரகம், அப்படியே அச்சு அசலாக காப்பி அடிக்கப் பார்த்து, தெரியாமல் தவறு செய்வது. மெமரி கார்டில் இதுதான் அதிகம் கவனிக்க வேண்டியது.

காட்டிக்கொடுக்கும் HC, XC

மெமரி கார்டின் முகத்தில் கம்பெனி பெயர் மட்டும் இருக்காது. 'மைக்ரோ எஸ்.டி.' சின்னத்தோடு ஒட்டி HC அல்லது XC என்று இரண்டு குட்டி எழுத்துகள் இருக்கும். பலரும் இதைக் கண்டுகொள்வதே இல்லை. ஆனால் விஷயமே இதில்தான் இருக்கிறது. 2 ஜி.பி.க்கு மேல் 32 ஜி.பி. வரை உள்ள கார்டு என்றால் HC. அதற்கு மேல் 2 டி.பி. வரை என்றால் XC. இது எல்லா கம்பெனிக்கும் பொதுவான விதி. எஸ்.டி. அசோசியேஷன் என்ற அமைப்பு வகுத்தது.

ஆகவே 128 ஜி.பி. என்று பெரிதாக போட்டு, பக்கத்தில் HC என்று இருந்தால் அது ஒரிஜினல் இல்லை. அதற்கு மேல் ஆராய்ச்சியே வேண்டாம். போலி தயாரிப்பவர் பழைய 16 ஜி.பி. கார்டின் அச்சை எடுத்து எண்ணை மட்டும் மாற்றினால் இப்படித்தான் மாட்டுவார். அதேபோல 4 டி.பி. என்று போட்டு XC என்று இருந்தாலும் பொருந்தாது.

அடுத்தது கம்பெனி பெயர். SAMSUNG லோகோவை உற்றுப் பாருங்கள். அதிலுள்ள A எழுத்துக்கு நடுக்கோடு கிடையாது. கூடாரம் மாதிரி இரண்டு சாய்ந்த கோடுகள் மட்டும்தான். கம்ப்யூட்டரில் சாதாரணமாக டைப் அடித்தால் நடுக்கோடு வந்துவிடும். அப்படி வந்த கார்டு என்றால் யாரோ டைப் அடித்து அச்சிட்டது.

இடைவெளியும் இதே கதைதான். பெரிய கம்பெனிகள் லோகோவை தனியாக வரைந்து வைத்திருக்கின்றன. ஒவ்வொரு எழுத்துக்கும் நடுவே எவ்வளவு சந்து என்பதெல்லாம் அளந்து வைத்தது. போலிக்காரர் அதைப் போன்ற வேறு எழுத்துருவைத் தேடிப் போடும்போது ஓர் எழுத்து ஒட்டிக்கொள்ளும், இன்னொன்று விலகிப் போகும். கார்டின் மொத்த அளவே 15 மில்லி மீட்டருக்கு 11 மில்லி மீட்டர். அந்த நகக்கண் அளவில் மட்டமான அச்சு போட்டால் மை பரவி எழுத்துகள் தடித்துவிடும். செல்போன் கேமராவில் ஜூம் செய்து பார்த்தால் போதும், லென்சு தேவையில்லை.

நிறம் மட்டும் அவ்வளவு நம்பகமான சாட்சி இல்லை. சிவப்பு கொஞ்சம் ஆரஞ்சாக அடிப்பது போலிக்கு அடையாளம் என்பார்கள். உண்மைதான், ஆனால் செல்போன் திரைக்குத் திரை நிறம் மாறும். நிறத்தை மட்டும் வைத்து முடிவு கட்டினால் நல்ல கார்டையும் திருப்பி அனுப்பி விடுவோம்.

லோகோ மாறியதாலேயே போலி என்றும் சொல்லிவிட முடியாது. சான்டிஸ்க் நிறுவனம் 2024 டிசம்பரில் புது லோகோவை அறிவித்தது. பழைய லோகோ போட்ட சரக்கும், புதுசும் இரண்டுமே அசலாக இருக்கலாம். கம்பெனியின் சொந்த இணையதளத்தில் உள்ள படத்தோடு ஒப்பிடுவதுதான் சரி.

வாங்கும் முன்பு பார்க்க வேண்டியது விற்பவர் போட்ட படத்தை அல்ல. அது கம்பெனி படத்தையே சுட்டுப் போட்டதாக இருக்கும். கீழே ஏற்கனவே வாங்கியவர்கள் எடுத்துப் போட்ட படங்கள் இருக்கும். வீட்டுக்கு வந்த சரக்கு எது என்பது அதில்தான் தெரியும்.

ஏமாந்தால் என்ன ஆகும்?

திருப்பூர் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கும் ஒருவர் 128 ஜி.பி. என்று நம்பி ஒரு போலி கார்டு வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். உள்ளே இருப்பது 8 ஜி.பி. சில்லுதான். ஆனால் 128 என்று பொய் சொல்லும்படி அதை மாற்றி வைத்திருப்பார்கள். போனும் அதை நம்பி அப்படியே காட்டும். தங்கச்சி கல்யாண வீடியோவை அதில் ஏற்றுகிறார். 8 ஜி.பி. வரை பிரச்சினை இல்லை. அதன் பிறகு ஏறுவது பழையதன் மேலேயே எழுதப்படும், அல்லது காணாமல் போகும். பட்டியலில் பெயர் மட்டும் இருக்கும், தொட்டால் திறக்காது. பல மாதம் கழித்துப் பார்க்கும்போதுதான் குட்டு வெளிப்படும். அதற்குள் திருப்பி அனுப்பும் கெடு முடிந்திருக்கும். பணம் போனது கூட பெரிசில்லை, தாலி கட்டிய காட்சியை மறுபடி எடுக்க முடியுமா?

இன்னொரு குழப்பமும் உண்டு. அசல் 128 ஜி.பி. கார்டே கம்ப்யூட்டரில் 119 என்றுதான் காட்டும். கணக்கிடும் முறை வேறு என்பதால் வரும் வித்தியாசம் அது. அதற்காக சண்டை போட வேண்டாம்.

லோகோவை கச்சிதமாக அச்சிடும் பலே ஆசாமிகளும் இருக்கிறார்கள். எழுத்து சரியாக இருந்தால் கார்டு நிச்சயம் அசல் என்று அர்த்தமில்லை. அதற்கு ஒரே வழி, கார்டு வந்த கையோடு சோதிப்பது. H2testw என்ற இலவச புரோகிராமை கம்ப்யூட்டரில் ஓட்டினால், கார்டு முழுக்க எழுதி, திரும்பப் படித்துப் பார்த்து உண்மை அளவைச் சொல்லிவிடும். சில மணி நேரம் பிடிக்கும். கம்ப்யூட்டர் இல்லாதவர்கள் கார்டு நிறையும் வரை வீடியோக்களை ஏற்றி, முதலில் ஏற்றியதும் கடைசியில் ஏற்றியதும் ஓடுகிறதா என்று பார்க்கலாம். இதைச் செய்யும் வரை வேறு எதையும் அதில் வைக்கக் கூடாது.

போலி என்று தெரிந்தால் கார்டு, உறை இரண்டையும் போட்டோ எடுத்து வைத்துக்கொண்டு தளத்தில் புகார் செய்ய வேண்டும். 2020-ம் ஆண்டு இ-காமர்ஸ் விதிகளின்படி 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றதாக பதில் தர வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்வு காண வேண்டும். இழுத்தடித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு போன் போடலாம். போலி முத்திரை போட்டு விற்பவருக்கு டிரேட் மார்க் சட்டப்படி 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை ஜெயில், ரூ.50 ஆயிரம் முதல் ரூ.2 லட்சம் வரை அபராதம் உண்டு.