யாருடையது, எத்தகையது: ஆங்கில உடைமைத் தொடர்களைக் கற்பிக்கும் முறை குறித்து

ஆங்கில இலக்கண வகுப்புகளில் ஒரு விதி தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்பட்டு வருகிறது. உயிருள்ளவற்றின் உடைமையைக் குறிக்க 'எஸ்' சேர்க்க வேண்டும், உயிரற்றவற்றுக்கு 'ஆஃப்' இட வேண்டும் என்பது அவ்விதி. உயர்திணை, அஃறிணை என்ற பாகுபாட்டோடு வளர்ந்த தமிழ் மாணவர்களுக்கு இது உடனே பிடிபட்டுவிடுகிறது. அதனாலேயே பிற்காலத்தில் ஆய்வேடு எழுதும்போதும் இதை விட்டு விலக அவர்களால் முடிவதில்லை. இந்த விதியைக் கைவிட வேண்டும் என்பதே என் கருத்து.

முதலில், ஆங்கிலம் எழுதுவோர் இவ்விதியைப் பின்பற்றுவதில்லை. இன்றைய நாளிதழை 'டுடேஸ் பேப்பர்' என்கிறார்கள். நாட்டின் பொருளாதாரம் 'இந்தியாஸ் எகானமி' ஆகிறது. ஒரு நாள் விடுப்பு 'எ டேஸ் லீவ்'. நாளுக்கும் நாட்டுக்கும் உயிரில்லை. உயிருள்ளவை 'எஸ்' வடிவத்தைப் பெரிதும் விரும்புகின்றன என்பது உண்மையான போக்குதான். ஆனால் போக்கு வேறு, விதி வேறு. இரண்டாவது குறை இதைவிடப் பெரியது. 'பஸ் ஸ்டாப்', 'ஸ்போர்ட்ஸ் ஷூஸ்' போன்ற தொடர்களுக்கு இவ்விதியில் இடமே இல்லை. அவற்றில் 'எஸ்' உருபும் இல்லை, 'ஆஃப்' என்ற சொல்லும் இல்லை. ஒரு பெயர் இன்னொரு பெயருக்கு முன்னால் அடையாக நிற்கிறது, அவ்வளவே. இதை இங்கே அடைப்பெயர் என்று குறிப்பேன். ஆய்வு ஆங்கிலத்தில் பக்கத்துக்குப் பக்கம் வருவது இந்த அடைப்பெயர்தான்.

இவற்றைப் பிரித்தறிய உயிர் பற்றிய கேள்வி உதவாது. யாருடையது, எத்தகையது என்ற இரண்டு கேள்விகள் உதவும். 'எ ஸ்டூடன்ட்ஸ் லோன்' என்றால் ஒரு மாணவர் பட்ட கடன். அது நண்பரிடம் கைமாற்றாக வாங்கியதாகவும் இருக்கலாம். 'எ ஸ்டூடன்ட் லோன்' என்றால் கடன்களில் ஒரு வகை, அதாவது கல்விக் கடன். கடன் வாங்கியவர் படிப்பை முடித்து, பணியில் சேர்ந்து, நாற்பது வயதைத் தொட்டாலும் அது அதே வகைக் கடன்தான். முன்னது ஒரு மாணவரைச் சுட்டுகிறது. பின்னது யாரையும் சுட்டவில்லை, வகையைப் பெயரிடுகிறது. பேருந்து நிறுத்தமும் அப்படியே. எந்தப் பேருந்தும் அந்த நிறுத்தத்துக்கு உரிமை கொண்டாடுவதில்லை. பேருந்துகள் நிற்பதற்கான இடம் என்ற வகையைத்தான் அச்சொல் குறிக்கிறது.

வேறுபாடு நுட்பமானதாகத் தோன்றினாலும், அதைக் கண்டறிய எளிய சோதனை ஒன்று உண்டு. தொடருக்கு முன்னால் ஒரு பெயரடையைச் சேர்த்து, அது எந்தப் பெயரோடு ஒட்டுகிறது என்று பார்க்க வேண்டும். தமிழ்நாட்டுப் பல ஊர்களில் 'புதிய பேருந்து நிலையம்' என்ற பலகை இருக்கிறது. புதியது பேருந்தா, நிலையமா என்று யாரும் ஐயுறுவதில்லை. நிலையம்தான் புதியது. ஆங்கிலத்தில் 'எ நியூ பஸ் ஸ்டாப்' என்றாலும் புதியது நிறுத்தமே. மாறாக, 'மை நியூ நெய்பர்ஸ் ஹவுஸ்' என்னும்போது புதியவர் அண்டை வீட்டார்; வீடு நூறாண்டுப் பழையதாக இருக்கலாம். தமிழிலும் 'பெரிய மரக்கிளை' என்றால் கிளை பெரியது. 'பெரிய மரத்தின் கிளை' என்றால் மரம் பெரியது. உருபு வெளிப்பட நிற்கும்போது முதற்பெயர் தனித்து நின்று தனக்கான அடையை ஏற்கிறது. தொகையாக ஒட்டியபின் அந்தச் சுதந்திரத்தை அது இழந்துவிடுகிறது.

இந்திய இலக்கண மரபு இதைக் கூர்ந்து நோக்கியிருக்கிறது. 'ராஜபுருஷ' என்னும் தொகையில் உள்ள அரசனை மட்டும் 'செல்வமிக்க' என்ற அடையால் விசேடிக்க முடியாது என்று பதஞ்சலியின் மகாபாஷ்யம் விவாதிக்கிறது. செல்வமிக்க அரசனின் ஆள் என்று சொல்ல விரும்பினால் தொகையைப் பிரித்து, வேற்றுமை உருபோடுதான் சொல்ல வேண்டும். தொகைகள் யாவும் ஒரு சொல்லின் இயல்பினவாக நடக்கும் என்று தொல்காப்பியம் எச்சவியலில் கூறுகிறது. 'பஸ் ஸ்டாப்' எழுத்தில் இரு சொல்லாக நின்றாலும் நடப்பில் ஒரு சொல் என்பதை நம் மாணவர்களுக்கு விளக்க இவற்றைவிடப் பொருத்தமான நுழைவாயில் கிடைப்பது அரிது. வேற்றுமைத்தொகை படித்த மாணவரிடம் ஆங்கிலத்தை மனப்பாடம் செய்யச் சொல்வது அவர் கையிலிருக்கும் கருவியைப் பிடுங்கிக்கொள்வதற்கு ஒப்பாகும்.

'ஸ்போர்ட்ஸ் ஷூஸ்' என்பதிலுள்ள 'எஸ்' பலரைக் குழப்புகிறது. அது உடைமை உருபு அன்று, பன்மை உருபு. அதனால்தான் அங்கே அப்பாஸ்ட்ரஃபி வருவதில்லை. பொதுவாக அடைப்பெயர் ஒருமையில்தான் நிற்கும். பல காலணிகள் விற்கும் கடையும் 'ஷூ ஷாப்' தான். எல்லாப் பற்களையும் துலக்குவதும் 'டூத் பிரஷ்' தான். ஐந்தாண்டுத் திட்டமும் 'ஃபைவ் இயர் பிளான்' என்றே ஒருமை பெறுகிறது. ஆனால் பன்மை வடிவம் தனக்கென ஒரு பொருள் பெற்றுவிட்ட இடங்களில் அந்த வடிவமே நிலைத்துவிடுகிறது. 'குட்' என்றால் நல்லது, 'குட்ஸ்' என்றால் சரக்கு. ஆகவே 'கூட்ஸ் டிரெயின்'. 'ஆர்ம்' என்றால் கை, 'ஆர்ம்ஸ்' என்றால் படைக்கலம்; ஆகவே 'ஆர்ம்ஸ் ரேஸ்'. 'சேவிங்ஸ் அக்கவுண்ட்' என்பதும் இவ்வகையே. விளையாட்டுத் துறை முழுவதையும் குறிக்கும் 'ஸ்போர்ட்ஸ்' என்ற வடிவமும் இவ்வாறே நிலைபெற்றது.

இனி 'ஆஃப்'. இதன் பணி உயிரற்றவற்றைச் சுமப்பது அன்று. உறவை விரித்துச் சொல்வது. 'எ டீ கப்' என்பது பாத்திரம். 'எ கப் ஆஃப் டீ' என்பது குடிக்கும் தேநீர். தமிழில் தேநீர்க் கோப்பைக்கும் ஒரு கோப்பைத் தேநீருக்கும் உள்ள வேறுபாடு அது. உடையவரைச் சொல்லும் தொடர் நீளும்போதும் 'ஆஃப்' கைகொடுக்கிறது. சென்ற ஆண்டு பணி ஓய்வு பெற்ற பேராசிரியரின் நூலகம் என்பதை 'எஸ்' கொண்டு எழுதினால் வாசகர் மூச்சு முட்டுவார். நூலகத்தை முன்னால் வைத்து 'ஆஃப்' இட்டால் தொடர் இயல்பாக நீளும்.

ஆய்வாளருக்கு இதைவிட முக்கியமான இடம் ஒன்று உண்டு. செயலைக் குறிக்கும் பெயர்களில் செய்தவர் யார், செயப்படுபொருள் எது என்பதை 'எஸ்' தெளிவாகக் காட்டுவதில்லை. 'பாரதிஸ் டிரான்ஸ்லேஷன்ஸ்' என்று தலைப்பிட்டால், பாரதி செய்த மொழிபெயர்ப்புகள் என்றே பெரும்பாலோர் கொள்வர். பகவத் கீதையைத் தமிழாக்கியவர் அவர் என்பதால் அப்படிக் கொள்வதில் தவறில்லை. ஆய்வு, பாரதி கவிதைகளின் ஆங்கில மொழிபெயர்ப்புகளைப் பற்றியதாக இருந்தால் 'டிரான்ஸ்லேஷன்ஸ் ஆஃப் பாரதி' என்பதே பொருந்தும். 'பாரதியின் மொழிபெயர்ப்புகள்' என்ற தமிழ்த் தொடரும் இதே இருபொருளைக் கொண்டது. அதை அப்படியே ஆங்கிலத்தில் வைக்கும்போது குழப்பமும் உடன் செல்கிறது.

இந்தப் பாகுபாட்டுக்கும் எல்லைகள் உண்டு. 'விமன்ஸ் காலேஜ்' என்பதில் 'எஸ்' இருந்தாலும் அது வகையையே குறிக்கிறது. 'எ நியூ விமன்ஸ் காலேஜ்' என்றால் புதியது கல்லூரியே. உருபு வெளிப்பட நின்றும் தொகைபோல் நடக்கிறது. வடிவம் ஏமாற்றினாலும் சோதனை ஏமாற்றவில்லை. மறுபுறம், 'ஓல்ட் ஏஜ் ஹோம்' என்பதில் முதுமையைக் குறிக்கும் இரு சொற்களும் முன்பே ஒரு சொல்லாக இறுகியவை; அதனால் அடையோடு சேர்ந்தே தொகைக்குள் நுழைந்துவிடுகின்றன. அவ்வாறு இறுகாத தொடரை உள்ளே நுழைத்தால் வாசகர் தடுமாறுவார். அங்கே இணைப்புக்கோடு இடுவது ஒரு வழி, பிரித்து எழுதுவது இன்னொரு வழி.

இவ்வளவும் எதற்கு என்று கேட்கலாம். அடைப்பெயர்களை அடுக்குவதே ஆய்வு நடை என்ற எண்ணம் நம் பல்கலைக்கழகங்களில் வேரூன்றிவிட்டது. நானே புனைந்த ஒரு தலைப்பை எடுத்துக்கொள்வோம்: 'டிரைபல் ஸ்டூடன்ட் ஸ்காலர்ஷிப் டிலே இம்பாக்ட் ஸ்டடி'. ஆறு சொற்கள், இடையில் ஓர் உருபும் இல்லை. கடைசிச் சொல்லிலிருந்து பின்னோக்கிப் பிரிப்போம். இது ஓர் ஆய்வு. எதைப் பற்றி? தாக்கத்தைப் பற்றி. எதன் தாக்கம்? தாமதத்தின் தாக்கம். எதன் தாமதம்? பழங்குடி மாணவர் உதவித்தொகையின் தாமதம். சரி, எதன் மீதான தாக்கம்? விடை இல்லை. வருகையா, இடைநிற்றலா, குடும்பத்தின் கடன் சுமையா? தலைப்பு சொல்லவில்லை. உருபுகள் மறைந்தபோது ஆய்வின் மையக் கேள்வியும் உடன் மறைந்துவிட்டது.

இதை விரித்தால் 'தி இம்பாக்ட் ஆஃப் டிலேய்டு ஸ்காலர்ஷிப் பேமென்ட்ஸ் ஆன் டிரைபல் ஸ்டூடன்ட்ஸ் காலேஜ் அட்டெண்டன்ஸ்' என்று வரும். உதவித்தொகை வழங்கல், கல்லூரி வருகை ஆகிய இரண்டும் வகைகள்; அவை அடைப்பெயராகவே நிற்கலாம். தாக்கத்துக்கும் அதன் காரணத்துக்கும் உள்ள உறவை 'ஆஃப்' காட்டுகிறது. வருகை யாருடையது என்பதை மாணவர்ப் பன்மையின் 'எஸ்'ஸுக்குப் பின் வரும் அப்பாஸ்ட்ரஃபி காட்டுகிறது. மூன்று வடிவங்களும் அவரவர் இடத்தில் பணி செய்கின்றன. இப்படி விரிக்க முனைபவர், எதன் மீதான தாக்கம் என்ற கேள்விக்கு விடை சொல்லாமல் தொடரை முடிக்கவே முடியாது.

அடுக்கு நடைக்கு ஆதரவாகச் சுருக்கத்தைக் காட்டுவார்கள். ஒரே துறையினர் தமக்குள் அடிக்கடி வழங்கும் கலைச்சொற்களுக்கு அந்த வாதம் பொருந்தும். அங்கே தொகை உண்மையிலேயே ஒரு சொல்லாகிவிட்டது. முதன்முறை படிக்கும் தேர்வாளருக்கோ பிற துறையினருக்கோ அது பொருந்தாது. மறைந்த உருபை அவர் ஊகித்தாக வேண்டும். அந்த ஊகம் தவறினால் பொறுப்பு எழுதியவருடையதே.

ஆகவே நெறியாளர்களிடமும் ஆசிரியர்களிடமும் என் வேண்டுகோள் இது. உயிருள்ளது, உயிரற்றது என்ற விதியை விட்டுவிடுங்கள். யாருடையது, எத்தகையது என்று கேட்கவும், ஐயம் வந்தால் ஓர் அடையைச் சேர்த்துப் பார்க்கவும், மூன்று பெயர்களுக்கு மேல் அடுக்கினால் கடைசியிலிருந்து பிரித்துப் பார்க்கவும் கற்றுக்கொடுங்கள். விரிக்க முடியாத தொகையை மாணவர் எழுதியிருந்தால், திருத்த வேண்டியது ஆங்கிலத்தை மட்டும் அன்று. ஆய்வில் இன்னும் முடிவு செய்யப்படாத ஏதோ ஒன்று அங்கே இருக்கிறது.