போட்டோவைப் பார்த்து "கச்சான் இல்லை" என்று சொல்லாதீர்கள்

ஊர் வட்ஸ்அப் குரூப்புகளில் நாம் அடிக்கடி காணும் கேள்வி இது. ஒரு தாய், புதிதாகத் திறந்த ரெஸ்டோரண்ட் ஒன்றின் சாப்பாட்டுப் போட்டோவைப் போட்டு, "இதுல கச்சான் ஈக்குமா? மகனுக்கு அலர்ஜி" என்று கேட்கிறார். ஐந்து நிமிடத்துக்குள் பத்துப் பதில்கள் வந்துவிடும். "பாக்க இல்ல போலதான் விளங்குது." "நாங்க போன கிழமை சாப்பிட்டம், ஒண்டும் ஆகல்ல." "பயப்படாம குடுங்க."

எல்லாம் அக்கறையில் சொல்வதுதான். ஆனாலும் போட்டோவை வைத்துக்கொண்டு "இருக்கலாம்" என்று சொல்லும் உரிமை மட்டும்தான் நமக்கு இருக்கிறது. "இல்லை" என்று சொல்லும் உரிமை யாருக்கும் கிடையாது, முப்பது வருடம் சமைத்த பண்டாரிக்கும் கிடையாது.

ஏன் என்று விளங்க ஒரே ஒரு பிளேட்டை எடுத்துப் பார்ப்போம். இப்போது நம் பக்கத்து மெனுக்களில் சாதாரணமாகிவிட்ட நாசி கொரேங். போட்டோவில் தெரிவது இவ்வளவுதான்: செம்மண் நிறத்தில் பொரித்த சோறு, மேலே ஒரு முட்டை, ஓரத்தில் வெள்ளரிக்காய், வெள்ளையாக ஊதிய இரண்டு பப்படம் மாதிரி ஒன்று, குச்சியில் குத்திய கோழி இறைச்சி, அதன் மேல் மண்ணிறச் சோஸ்.

முதலில் அந்தப் "பப்படம்". அது உளுந்துப் பப்படம் அல்ல. இறாலை அரைத்து மரவள்ளி மாவோடு பிசைந்து, அவித்து, காயவைத்துப் பொரித்தது. ஆகவே இறால் அலர்ஜி உள்ளவருக்கு போட்டோவே எச்சரிக்கை தந்துவிட்டது. இப்படிக் கண்ணுக்குத் தெரிவது நல்லது, அதைக் கவனித்துச் சொல்லத்தான் வேண்டும்.

அடுத்தது குச்சி. அதன் பெயர் சத்தே. அதற்கு வழக்கமாக ஊற்றும் சோஸ் வறுத்த கச்சானை அரைத்து, தேங்காய்ப்பால், புளி, சீனி, மிளகாய் சேர்த்துக் காய்ச்சியது. ஓரத்தில் எண்ணெய் பிரிந்து, குறுமணலாகத் தெரிந்தால் கச்சான் என்று சந்தேகப்படலாம். ஆனால் கச்சான் பட்டரைப் போட்டுச் செய்தால் வழுவழுப்பாக இருக்கும், அப்போது சாதாரண பார்பிகியூ சோஸுக்கும் அதற்கும் போட்டோவில் வித்தியாசம் காண முடியாது. சோஸே ஊற்றாமல் குச்சி வெறுமனே இருந்தாலும் முடிவுக்கு வர வேண்டாம். சோஸ் தனிக் கிண்ணத்தில் வரலாம், இறைச்சியை ஊறவைத்த மசாலாவுக்குள்ளேயே கச்சான் இருக்கலாம்.

மூன்றாவது சோறு. ஆபத்து அதிகமாக ஒளிந்திருப்பது இங்கேதான். அந்தச் செந்நிறம் சிலி பேஸ்டில் இருந்து வருகிறது. சிலி பேஸ்டுக்குக் காய்ந்த கூனியை அரைத்துப் போடுவது நம் நாட்டுக் குசினிகளில் சாதாரணம். அசல் முறைப்படி செய்பவர் புளிக்கவைத்த இறால் விழுதைப் போடுவார். அதோடு ஒரு கரண்டி பிஷ் சோஸ் போயிருக்கலாம். பிஷ் சோஸ் என்பது நெத்தலி போன்ற சின்ன மீன்களை உப்பில் பல மாதம் ஊறவைத்து வடித்த நீர். தேயிலைச் சாயம் போல் தெளிவாக இருக்கும். சூடான சட்டியில் விட்டவுடன் மறைந்துவிடும், நிறமும் இல்லை, துண்டும் இல்லை. சாப்பிடுபவரின் நாக்குக்கே "நல்ல ருசி" என்பதற்கு மேல் ஒன்றும் விளங்காது. கெமராவுக்கு எப்படி விளங்கும்?

"பொரிச்சா, அவிச்சா அலர்ஜி போயிடும்" என்று சிலர் சொல்வதையும் கேட்கிறோம். மீன், இறால், கச்சான் மூன்றிலும் அலர்ஜியைக் கிளப்பும் முக்கிய புரதங்கள் சூட்டைத் தாங்குபவை. கச்சானை வறுப்பதால் ஆபத்து குறைவதில்லை.

நாசி கொரேங் வெளியூர்ச் சாப்பாடு, நம் சாப்பாடு தெரிந்ததுதானே என்று நினைப்பவர்களுக்கு மாசியை ஞாபகப்படுத்துகிறோம். சீனிச் சம்பல், கட்டச் சம்பல், சிலவேளை பருப்பு, சில மரக்கறிச் சுண்டல் என்று எல்லாவற்றிலும் மாசித் தூள் போகிறது. சீனிச் சம்பலில் வெங்காயம் கருகிய நிறத்துக்குள் மாசி கரைந்துவிடும். சீனிச் சம்பல் பனிஸை வெளியே இருந்து பார்த்தால் வெறும் பனிஸ். மாசி என்பது காய்ந்த சூரை மீன். மீன் அலர்ஜிக்காரருக்கு அது மீன்தான். சமைப்பவருக்கோ அது மீன் அல்ல, உப்பு, கொச்சிக்காய் போல ஒரு சரக்கு. அதனால் "மீன் போட்டீங்களா?" என்று கேட்டால் "இல்ல, இது மரக்கறி" என்று மனதாரச் சொல்வார். அவர் பொய் சொல்லவில்லை. கேள்விதான் சரியில்லை.

தேங்காய் நிலைமை வேறு. தேங்காய் அலர்ஜி அரிது. கஜு, பாதாம் அலர்ஜி உள்ளவர்களில் பெரும்பாலோருக்குத் தேங்காய் ஒத்துக்கொள்ளும். யார் எதைத் தவிர்க்க வேண்டும் என்பதை டொக்டர்தான் சொல்ல வேண்டும். ஆனால் அரிதாக ஒருவருக்கு அது இருந்தால் நம் நாட்டில் அவர் பாடு கஷ்டம்தான். வெள்ளையான குருமா ஒன்றின் போட்டோவில் அது தேங்காய்ப்பாலா, தயிரா, அரைத்த கஜுவா, இல்லை மூன்றுமா என்று பிரிக்க வழியே இல்லை.

ஆகவே போட்டோவை என்ன செய்வது? கேள்வி தயாரிக்கப் பயன்படுத்துவோம். மேலே சொன்ன பிளேட்டுக்கு கடைக்குப் போன் எடுத்து, கூட்டம் இல்லாத நேரத்தில், சமைப்பவரிடமே இப்படிக் கேட்கலாம்: "நானா, மகனுக்குக் கச்சான் பட்டா மூச்சு முட்டும். சத்தே சோஸை எதுல செய்றீங்க? இறைச்சியை எதுல ஊறப்போடுறீங்க? சிலி பேஸ்ட் நீங்களே அரைக்கிறதா, போத்தலா? போத்தல் எண்டா லேபிளைப் போட்டோ எடுத்து அனுப்ப ஏலுமா?" ஹலால் முத்திரை பார்க்கப் போத்தலைத் திருப்பிப் பழகிய கைகள் நம்முடையவை. சேர்மானப் பட்டியலும் அதே லேபிளில்தான் இருக்கிறது.

இன்னும் ஒன்றைக் கேட்க வேண்டும்: சட்டியும் எண்ணெயும் வேறா? பிஷ் கட்லட் பொரித்த எண்ணெயில் பொரித்த உருளைக்கிழங்கு, இறால் கொத்து போட்ட தட்டில் போட்ட முட்டைக் கொத்து, இவை எந்தப் போட்டோவிலும் வராது. "எல்லாம் ஒரே சட்டிதான்" என்று பதில் வந்தால் அந்தப் பிள்ளைக்கு அந்தக் கடை வேண்டாம். "தெரியாது" என்றாலும் வேண்டாம்.

தவறுதலாகச் சாப்பிட்டு உதடு, நாக்கு வீங்கி, மூச்சு இழுத்து, தலை சுற்றினால் பிரிட்டன் குளிசையைக் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டாம். அது சொறியைத்தான் குறைக்கும். தேவைப்படுவது தொடையில் போடும் அட்ரினலின் ஊசி. உடனே 1990க்கு அழையுங்கள். ஆளை நடக்கவிடாமல் படுக்கவைத்துக் காலை உயர்த்துங்கள். மூச்சு விடக் கஷ்டப்பட்டால் உட்காரவிடுங்கள்.

கடைசியாக, நம் குரூப்புகளில் கடை நடத்தும் நானாமாரும், வீட்டில் ஓடர் எடுத்துச் சமைக்கும் ராத்தாமாரும் நிறையப் பேர் இருக்கிறீர்கள். விலை, டெலிவரி நம்பர் எல்லாம் போட்டோவுக்குக் கீழே எழுதுகிறீர்கள்தானே. அதோடு இன்னொரு வரி எழுதுங்கள்: "சோஸில் கச்சான், தேங்காய்ப்பால் உண்டு. சோற்றில் கூனி, பிஷ் சோஸ் உண்டு. சம்பலில் மாசி உண்டு. எல்லாம் ஒரே குசினி."